எம்.டி.க்கு எழுதும் மெயில் அரை நிமிடத்தில் புரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தில், எம்.டி. அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவருக்கு வரும் மெயில்களை முதலில் படித்துப் பிரித்து வைப்பது என் வேலைகளில் ஒன்று. மெயில் அனுப்பியவர்கள் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ‘சார் பார்த்தாரா?’ என்று விசாரிப்பார்கள். பேச்சு அப்படியே ‘எப்படி எழுதியிருக்க வேண்டும்’ என்பதற்குப் போய்விடும். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே தொடர்கிறேன்: சப்ளையரின் உலை பழுதால் தாமதமான ஜெர்மனி ஆர்டரில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்ப ஒப்புதல் கேட்பது. அதில் வரும் எண்களும் விவரங்களும் மாற்றப்பட்டவை.

அரை நிமிஷம்னு சொல்றீங்களே, அதுல எவ்வளவுதான் எழுத முடியும்?

ஆங்கிலத்தில் ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 230 முதல் 250 சொற்கள் வரை மனதுக்குள் படிக்கிறார். அரை நிமிடத்துக்கு அது 120 சொல். ஆனால் இது நாற்காலியில் உட்கார்ந்து, வேறு நினைப்பு இல்லாமல் படிப்பவரின் கணக்கு. எம்.டி. உங்கள் மெயிலைக் காரிலோ, ஒரு மீட்டிங் முடிந்து அடுத்த அறைக்கு நடக்கும்போதோ போனில் பார்க்கிறார். அதனால் 100 சொல்லுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் சொற்கள் நீளமானவை, 80 சொல்லே தாராளம்.

சொல் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூன்று வரி மெயில் அனுப்பி, அதைப் படித்தவர் ‘எவ்வளவு செலவு? எப்போதைக்குள்? வேறு வழி இல்லையா?’ என்று மூன்று மெயில் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால், அந்த மூன்று வரி மெயில்தான் உலகத்திலேயே நீளமானது. படித்து முடித்ததும் வேறு எதையும் தேடாமல் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதிமுறையிலும் இதே எதிர்பார்ப்புதான்: ஒரே வேகமான வாசிப்பில் புரிய வேண்டும், முக்கியமான விஷயம் தொடக்கத்திலேயே வர வேண்டும்.

சப்ஜெக்ட் வரியில என்ன போடறது? நான் எப்பவும் ‘ஜெர்மனி ஆர்டர் தொடர்பாக’ன்னுதான் போடுவேன்.

‘தொடர்பாக’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆர்டர் வந்ததா, போனதா, பணம் வந்துவிட்டதா, சிக்கலா? திறந்தால்தான் தெரியும். திறக்காமலே தெரிய வேண்டியது மூன்று: அவரிடமிருந்து என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும், எதைப் பற்றி. இதே வரிசையில் போடுங்கள். போனில் சப்ஜெக்ட் வரியின் முதல் 40 எழுத்து போலத்தான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுவிடும். எனவே ஆர்டர் எண், பிளான்ட் பெயர் எல்லாம் பின்னால் போகட்டும்.

‘ஒப்புதல்: ₹6 லட்சம், வியாழன் 4 மணிக்குள் – ஜெர்மனி விமானச் சரக்கு’ என்று எழுதினால், வெட்டுப்பட்டாலும் வேண்டியது நிற்கும். அவரிடமிருந்து ஒன்றும் தேவையில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றால் ‘தகவலுக்கு மட்டும்’ என்று தொடங்குங்கள். அப்படிப் போட்டுவிட்டு உள்ளே நைசாக ஒரு ஒப்புதல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்த முறை உங்கள் ‘தகவலுக்கு மட்டும்’ எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ‘அவசரம்’ என்ற சொல்லும் வேண்டாம், தேதியும் நேரமும் அதைச் சொல்லிவிடும்.

எடுத்த எடுப்பிலேயே பணம் கேட்டா மரியாதையா இருக்குமா? பின்னணி சொல்லாம அவருக்கு எப்படிப் புரியும்?

நாம் படித்த விடுப்புக் கடிதத்திலிருந்தே பழக்கம் இது. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், பொருள், அதன் கீழ் நடந்த கதை, கடைசியில் ‘ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து’. கோரிக்கை கடைசி வரியில் வரும். ஆசிரியர் கடைசி வரை படிப்பார் என்பது உறுதி, அதனால் அங்கே அது பழுதில்லை. இங்கே கடைசி வரை படிப்பார் என்ற உறுதி கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் பின்னணியைப் படிப்பவர், ஒவ்வொரு வரியையும் ‘இதை எதற்குச் சொல்கிறார்?’ என்ற சந்தேகத்தோடு படிக்கிறார். உலை பழுது என்று வந்ததும் சப்ளையரை மாற்றச் சொல்கிறார் போல என்று நினைப்பார். பிறகு விமானம் என்று வந்ததும் திரும்பவும் மேலே போய்ப் படிப்பார். கோரிக்கை முதலில் வந்துவிட்டால் அதே பின்னணி அதற்கான காரணமாகப் படிக்கப்படுகிறது. பாதி பின்னணி தேவையே இல்லை என்பதும் அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

மரியாதைக்கு ‘சார்’ என்ற விளியும், ‘உங்கள் ஒப்புதல் வேண்டும்’ என்ற நேரான வாக்கியமும் போதும். அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளும் மூன்று வரி வணக்கத்தை எந்த எம்.டி.யும் மரியாதையாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சொல்றது சரி, ஒரு மாதிரி காட்டுங்களேன். முன்னாடி எப்படி, பின்னாடி எப்படி?

விவகாரம் இது. ஜெர்மனியில் ஒரு வாடிக்கையாளருக்கு 6,000 பம்ப் ஹவுசிங் போக வேண்டும். காஸ்டிங் தரும் ஃபவுண்டரியில் உலையின் லைனிங் போய்விட்டதால் எல்லாம் தள்ளிப்போனது. வந்த மெயிலின் தொடக்கம் இப்படி இருந்தது:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். ஜெர்மனி ஆர்டர் தொடர்பாக இதை எழுதுகிறேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் நம் ஃபவுண்டரி சப்ளையரின் இண்டக்‌ஷன் உலையில் லைனிங் பழுதடைந்தது. அதை மாற்றப் பத்து நாள் என்றார்கள், ஆனால் பொருள் வரத் தாமதமானது. நமது கொள்முதல் குழு தினமும் தொடர்புகொண்டு வருகிறது. மாற்று சப்ளையர் ஒருவரையும் பார்த்தோம், பேட்டர்ன் பொருந்தவில்லை…

இப்படி நான்கு பத்தி. விமானம் என்ற சொல் நான்காவது பத்தியில், தொகை இணைப்பில், கெடு எங்குமே இல்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை, சோம்பலும் படவில்லை. நடந்த வரிசையில் எழுதினார், அவ்வளவுதான். அதே விஷயம் திருத்தி எழுதிய பின்:

> சப்ஜெக்ட்: ஒப்புதல்: ₹6 லட்சம், வியாழன் 4 மணிக்குள் – ஜெர்மனி விமானச் சரக்கு
>
> சார்,
>
> ஜெர்மனி ஆர்டரில் 2,000 ஹவுசிங்கை மட்டும் விமானத்தில் அனுப்ப ₹6 லட்சத்துக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். சரக்கு முகவர் வியாழன் (அக்டோபர் 30) மாலை 4 மணி வரை இடம் பிடித்து வைத்திருக்கிறார்.
>
> காஸ்டிங் தாமதத்தால் சரக்கு நவம்பர் 3-ல்தான் கிளம்பும். கப்பலில் டிசம்பர் 8-ல் சேரும். அவர்கள் ஸ்டாக் நவம்பர் 14-ல் தீர்கிறது. நடுவில் 15 வேலை நாள் அவர்கள் லைன் நின்றால், நாளுக்கு ₹2 லட்சம் வீதம் ₹30 லட்சம் அபராதம்.
>
> 2,000 என்பது அவர்களின் நான்கு வாரத் தேவை, நவம்பர் 11-ல் சேரும். மீதி 4,000 கப்பலில். முழுவதும் விமானம் என்றால் ₹18 லட்சம்.
>
> ‘சரி’ என்று பதில் போட்டால் போதும். கணக்கு இணைப்பில்.

இதில் உலையின் லைனிங் இல்லை. மாற்று சப்ளையர் கதை இல்லை. அவை முக்கியமில்லை என்பதல்ல. வியாழக்கிழமை எடுக்க வேண்டிய முடிவுக்கு அவை தேவையில்லை. அந்த ஃபவுண்டரியோடு தொடர்வதா என்று அவர் ஒருநாள் கேட்பார், அன்றைக்கு அது தனி மெயில்.

எந்த எண்ணை உள்ளே வைக்கணும், எதை விடணும்? எனக்கு எல்லாமே முக்கியமாத் தெரியுது.

மேலே உள்ள மாதிரியில் முடிவைத் தாங்கி நிற்பவை ₹6 லட்சமும் ₹30 லட்சமும். ஆறைக் கொடுத்து முப்பதைத் தவிர்க்கிறோம் என்று அவர் மனதுக்குள் ஒப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது. ₹18 லட்சம் வந்திருப்பது ‘ஏன் எல்லாவற்றையும் அனுப்பவில்லை?’ என்ற கேள்வி கட்டாயம் வரும் என்பதால். தேதிகள் வந்திருப்பது முப்பது எங்கிருந்து வந்தது என்று காட்ட. ஒவ்வோர் எண்ணையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். முடிவு மாறாது, கேள்வியும் எழாது என்றால் அது இணைப்புக்குப் போகட்டும்.

இணைப்பில் இருந்த கணக்கு இது. ஒரு ஹவுசிங் 1.2 கிலோ, பேக்கிங்கோடு 1.3 கிலோ. 2,000 என்றால் 2,600 கிலோ. கிலோவுக்கு ₹230 என்றால் ₹5,98,000. விமானச் சரக்கில் உண்மை எடை, கன அளவை வைத்துக் கணக்கிடும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். காஸ்டிங் கனமான பொருள், அதனால் உண்மை எடையே வரும். இதையெல்லாம் சரிபார்க்க ஃபைனான்ஸில் ஆள் இருக்கிறார். எம்.டி.க்கு ₹6 லட்சம் என்றால் போதும். ₹5,98,000 என்று முழுசாகப் போட்டால் துல்லியமாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் கண் ஒரு நொடி அதில் நின்றுவிடும். அப்புறம், லட்சத்தையும் மில்லியனையும் ஒரே மெயிலில் கலக்காதீர்கள். அபராதம் ஒப்பந்தத்தில் யூரோவில் இருந்தாலும் இங்கே ரூபாயாக மாற்றிப் போடுங்கள். இரண்டு நாணயத்தை ஒப்பிடும் வேலையை அவர் தலையில் வைக்க வேண்டாம்.

நான் முடிவைச் சொன்னா அதிகப்பிரசங்கித்தனமா இருக்காதா? ஆப்ஷன் ஏ, பி, சி கொடுத்துட்டு அவரே எடுத்துக்கட்டும்னு விடறதுதானே முறை?

மூன்று வழியையும் சமமாக வைத்து ‘தங்கள் முடிவுக்கு’ என்று முடித்தால், உங்கள் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். வாடிக்கையாளர் வாரத்துக்கு 500 எடுக்கிறார், நடுவில் விழும் இடைவெளி மூன்று வாரம், எனவே 1,500 வேண்டும், கப்பல் தாமதமானால் சமாளிக்க இன்னும் ஒரு வாரம் சேர்த்து 2,000. இந்த யோசனையை அந்த ஆர்டரோடு தினமும் புழங்கும் நீங்கள்தான் செய்ய முடியும். அரை நிமிடத்தில் அவர் செய்ய முடியாது.

பரிந்துரையை முதலில் வையுங்கள். விட்டுவிட்ட வழியை ஒரே வரியில் சொல்லுங்கள். அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர் முடிவை அவரைக் கேட்காமல் எடுப்பது. கேட்டு எடுப்பதற்கு வழி செய்து கொடுப்பது உங்கள் சம்பளத்துக்கான வேலை. உண்மையிலேயே உங்களால் தேர்ந்தெடுக்க முடியாத இடம் ஒன்று உண்டு: உங்களுக்குத் தெரியாத வேறு ஒரு காரணம் அவர் கையில் இருக்கும்போது. அந்த வாடிக்கையாளரை அடுத்த வருடம் வைத்துக்கொள்வதா என்று மேலே பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ‘இவர்களைத் தக்கவைப்பது என்றால் இது, இல்லையென்றால் அது’ என்று அந்தக் கிளையைக் காட்டி எழுதலாம்.

கெட்ட செய்தின்னா கொஞ்சம் பக்குவமா, சுத்தி வளைச்சுத்தானே சொல்லணும்?

கெட்ட செய்திக்குத்தான் முதல் வரி மிகவும் தேவை. என்ன ஆனது, எவ்வளவு பெரியது, அதை நிறுத்த என்ன செய்துவிட்டீர்கள், இன்னும் தெரியாதது என்ன, அது எப்போது தெரியும். இந்த ஐந்தும் இருந்தால் படிப்பவர் பதறுவதில்லை. இதே ஆர்டரில் கப்பலுக்குப் போன பெட்டியில் சிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘நேற்றுத் துறைமுகத்துக்குப் போன 4,000 ஹவுசிங்கில் ஒரு பகுதி லீக் டெஸ்ட் செய்யாமல் போய்விட்டது. பெட்டி இன்னும் ஏறவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டோம். எத்தனை என்பது இன்று மாலை 6 மணிக்குத் தெரியும், அப்போது மறுபடி எழுதுகிறேன். உங்களிடமிருந்து இப்போது எதுவும் தேவையில்லை.’

கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அவர் நான்கு பேருக்குப் போன் போடுவார். சிக்கலைச் சரிசெய்ய வேண்டிய நால்வரும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யார் தவறு என்பதும் இந்த மெயிலில் வேண்டாம், மாலை 6 மணி மெயிலிலும் வேண்டாம்.

எனக்கே உறுதியாத் தெரியாத விஷயத்தை எப்படிச் சுருக்கறது? சுருக்கினா உறுதியா சொல்ற மாதிரி ஆயிடுதே.

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றிலேயே ஆபத்தான இடம் இது. கொலம்பியா விண்ணோடம் 2003 ஜனவரி 16-ல் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. அதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பில் பாதுகாப்பான இடைவெளி இருக்கிறது என்ற தொனியில் இருந்தது. முக்கியமான விஷயம் கீழே, சின்ன எழுத்தில், பட்டியலின் கடைசிப் படியில் இருந்தது: பறக்கும்போது மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம் என்று கணக்கிடப்பட்டது, சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு வித்தியாசம். அந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் தலைப்பாக வந்திருக்க வேண்டும். பிப்ரவரி 1-ல் திரும்பும்போது விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து விமர்சித்தது.

மேலே இருப்பவர் தலைப்பையும் முதல் இரண்டு வரியையும்தான் படிப்பார் என்று தெரிந்த பின், சந்தேகத்தைக் கடைசிப் படியில் வைப்பது அதை மறைப்பதற்குச் சமம். உறுதியில்லாதது முடிவை மாற்றக்கூடியது என்றால் அதை முதல் பத்திக்கே கொண்டு வாருங்கள். நம் உதாரணத்தில், ‘நவம்பர் 3 தேதி ஃபவுண்டரி சொன்னது, நாங்கள் நேரில் பார்க்கவில்லை. அது ஒரு வாரம் தள்ளினால் விமானச் சரக்கும் நவம்பர் 18-ல்தான் சேரும், இரண்டு நாள் லைன் நிற்கும்’ என்று எழுதலாம். ‘சில சவால்கள் இருக்கக்கூடும்’ என்ற வகை வரிகளால் யாருக்கும் பயனில்லை. எது தெரியாது, அது தப்பினால் என்ன ஆகும், இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

விவரமெல்லாம் இணைப்புல இருக்குன்னு போட்டுட்டா போதாதா?

இணைப்பு திறக்கப்படாது என்று வைத்துக்கொண்டே மெயிலை எழுதுங்கள். போனில் எக்செல் தாளைத் திறந்து விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். முடிவுக்குத் தேவையானது மெயிலில், சரிபார்க்கத் தேவையானது இணைப்பில். இது புது யோசனையும் இல்லை. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சில் 1940 ஆகஸ்ட் 9 அன்று, போர் நடுவில், அறிக்கைகளின் நீளத்தைப் பற்றி ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கியமானவற்றைச் சின்னச் சின்னப் பத்திகளில் சொல்லுங்கள், விரிவான அலசலும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்பதே அதன் சாரம்.

பழைய மெயில் தொடரை அப்படியே முன்னனுப்பி ‘கீழே பார்க்கவும் சார்’ என்று போடுவதும் இதே வகைதான், இன்னும் மோசம். பதினேழு மெயிலைக் கீழிருந்து மேலாகப் படித்துச் சுருக்குவது உங்கள் வேலை.

சிசியில யாரைப் போடணும்? என் மேனேஜரைத் தாண்டி நேரா எழுதலாமா?

மேனேஜருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். அவரிடம் முன்பே காட்டி, ‘ஃபைனான்ஸும் கொள்முதலும் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டார்கள்’ என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால், அந்த ஒரு வரி இரண்டு நாளை மிச்சப்படுத்தும். எம்.டி. வழக்கமாகச் செய்யும் முதல் காரியம் மெயிலை ஃபைனான்ஸ் தலைவருக்குத் தள்ளி ‘பார்த்தீர்களா?’ என்று கேட்பதுதான். கேட்பதற்கு முன்பே பதில் அங்கே இருக்கட்டும்.

சிசியில் முடிவை நிறைவேற்றப் போகிறவர்கள் மட்டும் போதும். எட்டுப் பேரைப் போட்டால் அது தற்காப்புக்காகப் போட்டது என்பது எல்லோருக்கும் தெரியும், எட்டுப் பேரில் யாராவது ஒருவர் ‘ஒரு சின்ன சந்தேகம்’ என்று கிளப்பிவிடுவார்.

மெயில் எதுக்கு, வாட்ஸ்அப்ல போட்டா சீக்கிரம் பார்ப்பாரே?

பார்ப்பார். ஆனால் ₹6 லட்சத்துக்கான ஒப்புதல் ஆடிட்டின்போது தேட வேண்டிய ஒன்று. மெயிலை அனுப்பிவிட்டு, ‘ஜெர்மனி சரக்கு ஒப்புதல் மெயிலில் இருக்கிறது சார், வியாழன் 4 மணி கெடு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தகவல் போடலாம். அவர் அப்படிப் பெறுவதை விரும்புகிறவரா என்று அவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு அதை யாரும் கேட்க முடியாது.

ரெண்டு நாளாச்சு, பதிலே வரலை. என்ன செய்யறது?

நினைவூட்டல் தனியாகப் புரிய வேண்டும். ‘கீழுள்ள மெயில் குறித்து நினைவூட்டுகிறேன்’ என்று எழுதினால் அவர் மறுபடி கீழே போக வேண்டும். அதே தொடரில், மேலே இரண்டே வரி: ‘சார், ஜெர்மனிக்கு 2,000 ஹவுசிங் விமானத்தில் அனுப்ப ₹6 லட்சம் ஒப்புதல் இன்று மாலை 4 மணிக்குள் வேண்டும். தவறினால் அடுத்த இடம் நவம்பர் 10-ல்தான், அது நவம்பர் 17-ல் சேரும், ஒரு நாள் லைன் நிற்கும்.’ தாமதத்தின் விலையைச் சொல்லுங்கள், உங்கள் தவிப்பைச் சொல்ல வேண்டாம்.

‘4 மணிக்குள் பதில் வராவிட்டால் நாங்களே அனுப்பிவிடுவோம்’ என்று எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தத் தொகைக்கு உங்களுக்கு அதிகாரம் இருந்தால் எழுதலாம், இருந்தால் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. இல்லாதபோது எழுதினால் வம்புதான். ஒப்புதல் தேவைப்படாத, திருப்பிக்கொள்ளக்கூடிய காரியத்துக்கு அந்த வரி பொருந்தும். முகவரிடம் இடத்தை வெள்ளி வரை நீட்டிக் கேட்பது அந்த வகை.

பதில் வந்துச்சு, ஆனா வெறும் ‘?’ மட்டும். கோபமா இருக்காரா?

பெரும்பாலும் இல்லை. ஏதோ ஒன்று புரியவில்லை, அதை விரித்து எழுத அவருக்கு நேரமில்லை. முழு மெயிலையும் திரும்ப விளக்காதீர்கள். அவர் எங்கே இடறியிருப்பார் என்று யோசித்து, அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். பெரும்பாலும் அது சொல்லப்படாத ஓர் எண்ணாகவோ, முந்தைய மெயிலுக்கும் இதற்கும் உள்ள முரணாகவோ இருக்கும். போன மாதம் ‘சரக்கு அக்டோபரில் கிளம்பிவிடும்’ என்று நீங்களே எழுதியிருந்தால், அந்தக் கேள்விக்குறி அதற்குத்தான்.

அனுப்பறதுக்கு முன்னாடி, இது அரை நிமிஷத்துல புரியுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

உங்களால் சோதிக்க முடியாது, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இந்த ஆர்டரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். முப்பது நொடி கழித்துத் திருப்பி வாங்கிக்கொண்டு கேளுங்கள்: ‘யாரிடம் என்ன கேட்கிறேன்? எப்போதைக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்?’ மூன்றுக்கும் பதில் வந்தால் அனுப்பலாம். ‘ஏதோ ஜெர்மனி, ஏதோ லேட்’ என்று வந்தால், அவருக்குப் புரியவில்லை என்று அலுத்துக்கொள்ளாமல் முதல் வரியைப் பாருங்கள். கணினியில் காட்டாதீர்கள், போனிலேயே காட்டுங்கள். கணினித் திரையில் ஒரே பார்வையில் அடங்குவது போனில் இரண்டு தள்ளு தள்ள வேண்டியதாக இருக்கும்.

அதே நேரத்தில் சுருக்கெழுத்துகளையும் பாருங்கள். உங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் மூன்றெழுத்துச் சொல், மேலே பத்துத் துறையைப் பார்ப்பவருக்கு வேறு எதையாவது குறிக்கும்.

எல்லாத்தையும் அரை நிமிஷத்துல அடக்கிட முடியுமா? சில விஷயம் உண்மையிலேயே சிக்கலாச்சே.

முடியாது, அடக்கவும் கூடாது. விமானச் சரக்கு அரை நிமிடத்துக்குரியது, ஏனென்றால் விருப்பங்கள் தெளிவு, தொகை சின்னது, தவறினாலும் தாங்கலாம். அந்த ஃபவுண்டரியை விட்டுவிட்டு நாமே காஸ்டிங் போடுவதா என்பது வேறு கதை. அதை 100 சொல்லில் எழுதினால் மேலே கொலம்பியாவில் சொன்ன ஆபத்துதான். அமேசானில் 2004-லிருந்து ஜெஃப் பெசோஸ் ஸ்லைடுகளை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்புகளைக் கேட்டார். ஆறு பக்கம் வரை போகும் அந்தக் குறிப்பை, மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து அமைதியாகப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள். படிக்க நேரம் ஒதுக்கப்பட்டால் நீளம் குற்றமில்லை.

எனவே பெரிய விஷயத்துக்கு இரண்டு தாள் தயார் செய்யுங்கள்: முழுக் குறிப்பு ஒன்று, அதைப் படிக்க நேரம் கேட்கும் மெயில் ஒன்று. அரை நிமிட விதி இரண்டாவதற்குத்தான். ‘சொந்த ஃபவுண்டரி பற்றி ஐந்து பக்கக் குறிப்பு தயார். முதலீடு பெரியது, அதனால் மெயிலில் முடிவு கேட்கவில்லை. நவம்பர் மூன்றாவது வாரத்தில் 45 நிமிடம் வேண்டும், முதல் 15 நிமிடம் படிக்க’ என்று எழுதினால் போதும். நேரத்தை என்னைப் போன்றவர்கள் அவருடைய காலண்டரில் பார்த்துச் சொல்லிவிடுவோம்.